மாட்டுப் பொங்கலன்று அத்தைக்கு ஒரு செய்தி

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் அண்ணன் தங்கை உறவு முறிந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிவது பேச்சு நிற்கும்போது இல்லை, பொங்கல் சீர் நிற்கும்போதுதான். பேசாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். பேச்சு இல்லாவிட்டாலும் மார்கழிக் கடைசியில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, வாழைத்தார், ஒரு புடவை என்று கட்டிக்கொண்டு அண்ணன் தங்கை வீட்டுக்குப் போய் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவு போதும், உறவு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் தூரத்தில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு மணியார்டர் போகும். அந்தப் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு தங்கை போட்ட கையெழுத்து ரசீதாக அண்ணனுக்குத் திரும்பி வரும். அன்றைக்கு நீல டிக் அதுதான்.

எங்கள் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றுபோனது அந்தச் சீர். காரணம் வழக்கமான காரணம், நிலம். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பெண்ணுக்குப் பங்கு என்பதெல்லாம் 1989-ல் வந்தது, 2005-ல் வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. உயில் இல்லாத சுய சம்பாத்தியத்தில் மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் என்று 1956-ம் வருட வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பட்டா மாற்ற அத்தையின் கையெழுத்து வேண்டியிருந்தது. அத்தை மறுக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கைநாட்டும் வைத்தாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது கூட வந்த ஒரு உறவுக்காரர், "சும்மாவா போட்டா, நகை போட்டுத்தானே கட்டிக்குடுத்தோம்" என்று சொல்லிவிட்டார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

அத்தைக்கு வலித்தது நிலம் போனது அல்ல என்று நான் நினைக்கிறேன். சும்மா இருந்ததுதான். அந்த வருடம் அப்பா சீர் கொண்டு போகாமல், வயலில் வேலை பார்க்கும் பையனிடம் பைக்கில் கொடுத்தனுப்பினார். அது வாசல்படியில் இறங்காமலே திரும்பி வந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. என் குழந்தைகளுக்கு அத்தைப்பாட்டி முகம் தெரியாது.

இப்படிப்பட்ட உறவை எப்படித் திறப்பது? நம் ஊர் வழக்கத்தில் இதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும். இரண்டிலும் சிக்கல். கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் யார் போய் அழைத்தார்கள், வெற்றிலை பாக்குத் தட்டோடு போனார்களா, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகப் போனார்களா, முதலில் யார் வீட்டுக்குப் பத்திரிகை போனது என்று ஆயிரம் கணக்கு. ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கும் இடத்தில் அந்தத் தட்டே அடுத்த சண்டைக்கு விதை. கெட்டது என்றால் யாரும் அழைக்க வேண்டாம், தகவல் தெரிந்தாலே போதும், போய்க் கட்டிப்பிடித்து அழலாம். நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் சேர்கின்றன. ஆனால் யாரோடு சேர வேண்டுமோ அவர் அதைப் பார்க்க இருப்பதில்லை.

பண்டிகை வாழ்த்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு அழைப்பும் வேண்டாம், சாவும் வேண்டாம். வாழ்த்து வந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றும் இல்லை, சொன்னால் தோற்றுப்போனதாகவும் இல்லை. ஊரே எல்லோருக்கும் அனுப்புகிற நாளில் நமக்கும் ஒன்று வந்தது என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். ஏன் இன்றைக்கு, ஏன் இத்தனை வருடம் கழித்து என்ற கேள்விக்குப் பண்டிகையே பதில் சொல்லிவிடும். முன்பெல்லாம் மாட்டுப் படமும் பானைப் படமும் போட்ட பொங்கல் வாழ்த்து அட்டைகளை ஒட்டாத உறையில் புக் போஸ்ட்டாக அனுப்புவோம். தபால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். அதில் குடும்பச் சண்டையை எழுத முடியாது. பேரும் ஊரும் மட்டும் எழுதிப் போட வேண்டியதுதான். அந்தக் கட்டுப்பாடு ரொம்ப நல்ல கட்டுப்பாடு. வாட்ஸப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் இப்போதைய ஆபத்து.

அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றிய பொங்கலுக்கு நான் அனுப்பவில்லை. திருவாரூரில், அத்தை இருக்கும் அதே பக்கத்தில், என் சித்தி இருக்கிறாள். அம்மாவின் தங்கை. இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவளும் இல்லை, ரொம்ப ஆனவளும் இல்லை. நம்பர் கேட்பதற்காக அவளைக் கூப்பிட்டபோது, "இந்த வருஷம் அவங்களுக்குப் பொங்கல் இல்லையே, கொழுந்தனார் ஐப்பசியில தவறிட்டாரே" என்றாள். எங்களுக்குத் தகவலே வரவில்லை.

இது பலபேர் யோசிக்காத இடம். அத்தை எங்கள் வீட்டில் பிறந்தவள்தான், ஆனால் கல்யாணம் ஆனபின் அவளைக் கட்டுவது புகுந்த வீட்டுப் பங்காளிகளின் தீட்டு. அந்தப் பக்கம் ஒரு சாவு என்றால் வருடம் திரும்பும் வரை அவள் வீட்டில் பண்டிகை கிடையாது. எங்கள் வீட்டில் வழக்கம்போல் பானை வைப்போம். பேச்சு அறுந்த உறவில் இந்த மாதிரிச் செய்திகள்தான் முதலில் வராமல் போகும். துக்க வீட்டுக்கு "பொங்கலோ பொங்கல்" என்று படம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விஷயம் தெரியாமல் அனுப்பினேன் என்று சொன்னால் அது இன்னும் மோசம். கொழுந்தனார் போனதுகூடத் தெரியாத உறவா என்பார்கள். அதனால் வாழ்த்துவதற்கு முன்னால் ஒரு மூன்றாம் ஆளிடம் "அங்கே பண்டிகை உண்டா" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அந்த வருடம் வாழ்த்தை விட்டுவிட்டு, நேரில் போய்த் துக்கம் விசாரிக்கலாம். எனக்கு அது முடியவில்லை. அப்பா போகாமல் நான் மட்டும் போனால் அது வேறு பேச்சாகும் என்று சித்தியே தடுத்துவிட்டாள். ஒரு வருடம் காத்திருந்தேன்.

காத்திருந்ததில் இன்னொரு நன்மையும் நடந்தது. நிலத்தின் ஒரு துண்டில் சர்வே எண் தவறாகப் பதிவாகி, பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும் என்று வீட்டில் பேச்சு இருந்தது. அதற்கும் அத்தையின் கையெழுத்து வேண்டும். அது வக்கீல் மூலமாக, என் செய்தி போவதற்கு முன்பே முடிந்துவிட்டது. முடியாமல் இருந்திருந்தால் நான் வாழ்த்து அனுப்பியிருக்கவே மாட்டேன். கையெழுத்து, கடன், சாட்சி, சிபாரிசு என்று எதிர்பக்கத்திடம் நமக்கு ஏதாவது வேலை பாக்கி இருக்கும்போது போகிற வாழ்த்தைத் தூண்டில் என்றுதான் படிப்பார்கள். அப்படிப் படிப்பதில் தப்பும் இல்லை.

என் தம்பி எனக்கு முன்பே முயற்சி செய்தவன். அவன் முறை வேறு. தொடர்பு எண்கள் அத்தனையையும் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போட்டு, கரும்பு ஆடுகிற ஒரு அனிமேஷனை எல்லோருக்கும் தட்டிவிடுவான். அத்தைக்கும் அனுப்பினேன், பதிலே இல்லை, அவ்வளவு வீம்பு என்று அப்பாவிடம் வேறு சொல்லியிருக்கிறான். பிராட்காஸ்ட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. பெறுபவர் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். அத்தை இவன் எண்ணைச் சேமித்திருக்க வழியே இல்லை. ஆக, வராத செய்திக்குப் பதில் போடாத குற்றத்துக்காக அத்தை எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாள்! போய்ச் சேர்ந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆடுகிற கரும்பைப் பார்த்து யாருக்கும் மனசு இளகாது. எல்லோருக்கும் போனது தனக்கும் வந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

என்ன எழுதுவது? முதலில் நான் எழுதி வைத்ததைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். "அத்தை, நடந்ததெல்லாம் நடந்ததாக இருக்கட்டும், பழசை மறந்துவிடலாம், அப்பா மனசில் ஒன்றும் இல்லை" என்று ஆரம்பித்து அது பாட்டுக்குப் போனது. சித்தி பாதியிலேயே நிறுத்தினாள். "மறக்கலாம்னு சொல்ல நீ யாரு? அடிபட்டவ அவ." அப்புறம் "அப்பா மனசுல ஒண்ணும் இல்லைன்னு அவர் உன்கிட்ட சொன்னாரா?" என்றாள். சொல்லவில்லை. அந்த வரியை அத்தை நம்பி, அடுத்த கல்யாணத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? நான் அப்பாவின் தூதர் இல்லை. செய்தி என்னிடமிருந்து போகிறது, எனக்கும் அத்தைக்கும் இடையில் இருக்கிற உறவைப் பற்றி மட்டும்தான் அதில் எழுத எனக்கு உரிமை.

சண்டைக்கு முன்னால் எனக்கும் அத்தைக்கும் இடையில் என்ன இருந்தது என்று யோசித்தபோது சமையலறைதான் ஞாபகம் வந்தது. பொங்கலன்று எங்கள் பக்கத்தில் பல காய் போட்டுக் குழம்பு வைப்போம். அவரை, மொச்சை, பரங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, கருணை என்று தோட்டத்தில் இருப்பதெல்லாம் விழும். கல்யாணம் ஆகாத வயதில் நான் மொச்சை உரிக்க, அத்தை அடுப்படியில் நின்று எந்தக் காய் எப்போது விழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கிழங்குகள் முதலில், பரங்கி கடைசியில். பரங்கி சீக்கிரம் வெந்து கரைந்துவிடும். மறுநாள் மிச்சக் குழம்பைச் சுண்ட வைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போது பரங்கி முழுசாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். இந்த விஷயத்தில் நிலம் இல்லை, அப்பா இல்லை, பத்திரம் இல்லை. அத்தையைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப முடியாத விஷயமும்கூட.

கடைசியில் போன செய்தி இதுதான்:

"அத்தை, நான் உங்க அண்ணன் மக, சின்னவ. இது என் நம்பர். நேத்து பொங்கக் குழம்பு வச்சேன், பரங்கிக்காயைக் கடைசியிலதான் போட்டேன். இன்னிக்குச் சுண்ட வச்சப்பவும் கரையாம இருந்துச்சு. மாமாவுக்கும் உங்களுக்கும் பொங்கல் நமஸ்காரம். ஆசீர்வாதம் பண்ணுங்க."

இதில் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வைத்தேன். யார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வெறும் "இனிய பொங்கல்" வந்தால் இன்சூரன்ஸ்காரர் என்று நினைப்பார்கள். கேள்வியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால்கூட அவள் பதில் சொல்லும் கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறாள். மாமாவை விட்டுவிடக் கூடாது. புகுந்த வீட்டு ஆளை மறந்த வாழ்த்து பாதி வாழ்த்து. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரியவர்களைச் சின்னவர்கள் வாழ்த்துவது எங்கள் பக்கத்தில் சரிப்படாது. நாம் கும்பிட வேண்டும், அவர்கள் ஆசீர்வதிக்க வேண்டும். ஆசீர்வாதம் கேட்டுவிட்டால் எதிர்பக்கம் விட்டுக்கொடுக்காமலே பதில் சொல்லலாம். "நல்லா இரு" என்பது சமாதானமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு பெரியவள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வது. கோபம் அப்படியே இருக்கும்போதும் சொல்ல முடிகிற வார்த்தை.

நேரமும் ஒரு விஷயம். பொங்கலன்று காலையில் அனுப்பவில்லை. அன்று எல்லோர் போனும் சர்க்கரைப் பொங்கல் பாத்திரம் மாதிரி வழிந்துகொண்டிருக்கும், நம் செய்தி நாற்பது படங்களுக்கு அடியில் போய்விடும். மாட்டுப் பொங்கலன்று மத்தியானத்துக்கு மேல் வீட்டு வேலை ஓய்ந்திருக்கும். மறுநாள் காணும் பொங்கல், உறவுகளைப் பார்க்கப் போகிற நாள். யார் வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு அடிபடுகிற நேரத்தில் செய்தி கண்ணில் படட்டும் என்று வைத்தேன்.

அப்புறம் டிக் பார்க்கும் வேலை. ஒரே ஒரு டிக் விழுந்தால் செய்தி இன்னும் அவர்கள் போனுக்குப் போகவில்லை. நெட் இல்லாமலும் இருக்கலாம், போன் அணைந்தும் இருக்கலாம், நம்மை பிளாக் செய்தும் இருக்கலாம். நாள்கணக்கில் ஒற்றை டிக்காகவே நின்றாலும் அதை மட்டும் வைத்து பிளாக் என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்விட்டது. நீலமானால் திறந்துவிட்டார்கள். நீலம் வரவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் அர்த்தம் இல்லை, அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கலாம். இன்னொன்று, வயசானவர்கள் போனை முதலில் திறப்பது பெரும்பாலும் பேரனோ மருமகளோ. நீலமாகி மூன்று மணி நேரம் பதில் இல்லை என்றால் அத்தை யோசிக்கிறாள் என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். அத்தைக்கு இன்னும் தகவலே போயிருக்காது. இந்த இடத்தில் பதற்றப்பட்டுச் செய்தியை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எல்லோருக்குமாக அழித்தால், ஏதோ ஒன்று இருந்து அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கே நிற்கும். பேசாத உறவில் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. என்ன திட்டினாளோ என்று நினைப்பார்கள்.

எனக்கு இரவில் நீலம் வந்தது. பதில் மறுநாள் சாயங்காலம். கும்பிடு போட்ட இரண்டு கை. அதன் கீழே யாரோ அனுப்பியதை எடுத்துத் தட்டிவிட்ட பானைப் படம். அவ்வளவுதான்.

தம்பி பார்த்துவிட்டு, "ஃபார்வர்டு படம், அவ்வளவுதான் மதிப்பு" என்றான். நான் அப்படிப் படிக்கவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய ஒரு மனுஷிக்குத் தமிழில் தட்டச்சு செய்வது பெரிய வேலை. அவர்கள் தலைமுறைக்கு அந்தப் படம்தான் வாழ்த்து அட்டை, அனுப்ப நேரம் எடுத்துத் தேர்ந்தெடுத்தது. நாம் அனுப்பினால் அலட்சியமாக இருக்கிற படம் அவர்கள் அனுப்பினால் அலட்சியம் இல்லை. அதைவிட முக்கியமான தடயம் ஒன்று இருந்தது. அதுவரை காலியாகத் தெரிந்த அவளுடைய முகப்புப் படம் எனக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. பேத்தியை மடியில் வைத்திருக்கிறாள். சேமித்த எண்களுக்கு மட்டும் படம் காட்டும்படி வைத்திருந்தால் இப்படி ஆகும். என் எண் அங்கே ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில் உடனே போன் போட்டுப் பேசத் தோன்றும். நான் போடவில்லை. "மனசு நெறஞ்சிருச்சு அத்தை" என்று ஒரே வரி எழுதி நிறுத்தினேன். இரண்டு கை வந்த அன்றே கூப்பிட்டு அழுதால் பண்டிகைச் சாக்கு கலைந்துவிடும், பழைய விஷயம் பேசியே தீரவேண்டும். எங்களுக்கு அடுத்த சாக்குகள் நிறைய இருந்தன. ஏப்ரல் 14 வருடப் பிறப்பு, அப்புறம் ஆடிப்பெருக்கு, அப்புறம் தீபாவளி. வருடப் பிறப்புக்கு மத்தியானம் வரை காத்திருப்பது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பதினோரு மணிக்கு அவளிடமிருந்து முதலில் வந்தது. இந்த முறை குரல் செய்தி. மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், "பாப்பா, நல்லா இரு. புள்ளைங்க நல்லா இருக்காங்களா? வேப்பம்பூ கெடைச்சுதா அங்க?" கேள்வி வந்துவிட்டது. கேள்வி அவர்களிடமிருந்து வந்தபிறகு கூப்பிடலாம். கூப்பிட்டேன். வேப்பம்பூ, மாமாவின் சர்க்கரை, என் பெண்ணின் பத்தாம் வகுப்பு என்று பேசினோம். அப்பாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆடிப்பெருக்குக்குத்தான், போனை வைக்கப் போகும்போது, "ஒங்கப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சாமே" என்றாள். ஆச்சு அத்தை, நல்லா தெரியுது என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

அதை அப்பாவிடம் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "அவளுக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதைக்கு விஷயம் அங்கேதான் நிற்கிறது. சீர் இன்னும் போகவில்லை. அப்பாவுக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டு போகலாமே என்று தம்பி சொல்கிறான். கூடாது. ஆள் மாற்றி அனுப்பியதால்தான் அது அன்றைக்கு வாசலில் இறங்காமல் திரும்பியது. அதை அப்பா கொண்டுபோக வேண்டும், அத்தை வாங்க வேண்டும், வாழ்த்துச் செய்தியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. மாசியில் அத்தையின் பேத்திக்குக் காது குத்து. அத்தை மகன் அப்பாவை அழைக்க வருவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறானாம். வெற்றிலை பாக்கோடு வருகிறானா, வாட்ஸப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டு முடித்துக்கொள்கிறானா என்பது இன்னும் தெரியவில்லை. இரண்டாவது என்றால் அப்பா போகமாட்டார், அதை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.